தொப்பி பேச்சுக்கு, கோமாளி ஆளுக்கு, நகப்பூச்சு தனக்கு

கேள்வி: ஆங்கிலத்தில் பேசும் ஒரு கால்பந்து ரசிகர் குழுவில் இருக்கிறேன். "என் சித்தி மகன் மைதானத்தில்தான் வேலை செய்கிறான், நம்ம ஸ்டிரைக்கர் போகமாட்டார் என்று அவனிடமே சொன்னாராம்" என்று எழுதினேன். ஒருவர் வெறும் 🧢 போட்டார். தொப்பி எதற்கு என்று கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு 4-0 என்று தோற்றோம். "இந்தப் போட்டி நமக்குத்தான்" என்று முன்பு நான் எழுதியிருந்ததை ஒருவர் எடுத்து மேலே வைத்து 🤡 போட்டார். எதிரணி ரசிகை ஒருவர் "பரவாயில்லை, நாலு கோல்தானே 💅" என்றார். மூன்றும் திட்டா? எது எவ்வளவு கடுமை? என்ன பதில் சொல்வது?

பதில்:

மூன்றும் உங்களைச் சீண்டத்தான் வந்தன. ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களைக் குறிவைக்கின்றன. தொப்பி நீங்கள் சொன்ன செய்தியைத் தொடுகிறது, கோமாளி உங்களைத் தொடுகிறது. நகப்பூச்சு, போட்டவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. இந்த வேறுபாடு பிடிபட்டால் எது கடுமை, எதற்குப் பதில் தேவை என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும். நான்கு வருடமாக இப்படி ஒரு ஆங்கில விளையாட்டு அரட்டைக் குழுவை நிர்வகித்து வருகிறேன். அங்கே வரும் புகார்களில் பாதி இந்தப் படங்களைச் சுற்றித்தான் இருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தொப்பியில் தொடங்குவோம். உங்களைக் குழப்பியதும் அதுதான், வெளியாளுக்கு எந்த வகையிலும் புரிய வழியில்லாததும் அதுதான். 🧢 படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பொருள் கிடைக்காது, ஏனென்றால் பொருள் படத்தில் இல்லை, ஒலியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் தொப்பிக்குப் பெயர் 'கேப்'. அதே 'கேப்' அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் பொய், பீற்றல் என்ற பொருளில் வழங்குகிறது. 'நோ கேப்' என்றால் 'பொய்யில்லை, சத்தியமாக'. எழுத்தில் சொல்ல வேண்டியதைப் படத்தால் சொல்லிவிட்டார்கள். தமிழில் ஒருவர் 'படி' என்று சொல்ல வந்து மாடிப்படி படத்தைப் போட்டால், தமிழ் தெரியாதவர் மாடி ஏறச் சொல்வதாகத்தானே நினைப்பார்? அதே கதைதான் இது.

இந்தச் சொல்லுக்கு நீண்ட வேர் உண்டு. ஒருவரை ஒருவர் சொல்லால் மடக்கும் வசைப்போட்டி கறுப்பின இளைஞர்களிடையே பழைய வழக்கம். மொழியியலாளர் வில்லியம் லபோவ் அதை 1970-களில் விரிவாக எழுதினார். அந்தப் போட்டிக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர்கள் இருந்ததையும், அமெரிக்காவின் மேற்குக் கரையில் வழங்கிய பெயர்களில் 'கேப்பிங்' ஒன்று என்பதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். மற்றவர் சொன்னதற்கு மேல் ஒன்றைச் சொல்வது, மிஞ்சிப் பேசுவது என்பதுதான் அதன் உள்ளே இருக்கும் கருத்து. மிஞ்சிப் பேசுவதற்கும் அளந்து விடுவதற்கும் தூரம் அதிகமில்லை. 2010-களின் பிற்பகுதியில் அட்லாண்டா நகரத்து ராப் பாடகர்கள் வழியாக 'நோ கேப்' அமெரிக்க இளைஞர் அனைவரிடமும் பரவியது. தொப்பி எமோஜியும் அந்த நேரத்தில்தான் வந்தது. எமோஜிகளை வரையறுக்கும் அமைப்பான யூனிகோட் 2017-ல் வெளியிட்ட 10-ஆம் பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. அதைச் சேர்த்தவர்கள் மனதில் இருந்தது வெயிலுக்குப் போடும் தொப்பிதான். பொய் என்ற பொருளைப் பேசுகிறவர்கள் ஏற்றினார்கள்.

ஆகவே உங்களுக்கு வந்த 🧢-க்கு நம் ஊர்ப் பேச்சில் நேரான மொழிபெயர்ப்பு "ரீல் விடாதீங்க" என்பதுதான். கொஞ்சம் பழைய ஆட்களாக இருந்தால் "கப்சா", "புருடா" என்றிருப்பார்கள், "என்ன, காதில் பூ சுற்றுகிறீர்களா" என்றும் கேட்டிருப்பார்கள். கப்சாவுக்கும் கேப்புக்கும் ஒலி ஒற்றுமை இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், அது தற்செயல். ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள உதவும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 🧢 முன்னால் மறுப்பு வந்தால் பொருள் அப்படியே தலைகீழாகும். "இது நான் பார்த்ததிலேயே சிறந்த கோல், நோ 🧢" என்றால் அவர் மனமாரப் பாராட்டுகிறார். 'நோ' என்ற சொல்லுக்குப் பதிலாகச் சிலர் தடைக் குறியான 🚫 படத்தைப் போட்டு 🚫🧢 என்று எழுதுவார்கள், அதுவும் 'பொய்யில்லை' என்பதே. என் குழுவில் ஒரு பையன் தன் அப்பா இறந்த செய்தியைச் சொல்லி, கடைசி வாரங்களில் அவரோடு பார்த்த போட்டி பற்றி எழுதினான். முடிவில் 🚫🧢 போட்டிருந்தான். தொப்பியை மட்டும் கவனித்த ஒரு பெரியவர், அவன் பொய் சொன்னதை ஒப்புக்கொள்கிறான் என்று எடுத்துக்கொண்டு கடுமையாகத் திட்டிவிட்டார். அவருக்கு விளக்கிப் புரியவைத்து, அவர் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்பதற்குள் ஒரு முழு நாள் ஓடிவிட்டது. தொப்பியைப் பார்த்ததும் அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. தொப்பிக்கு மேலே யாராவது ஒரு செய்தியை உண்மை என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். சொல்லியிருந்தால் தொப்பி அந்தச் செய்தியை மறுக்கிறது. சொல்லாமல் பேஸ்பால் விளையாட்டைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் அது தொப்பிதான், வேறொன்றுமில்லை. நிறத்துக்குப் பொருளில்லை. பெரும்பாலான தளங்களில் அதை நீலமாக வரைந்துவிட்டார்கள், அவ்வளவே.

கடுமை என்று பார்த்தால் தொப்பி லேசானது. அது உங்களைப் பொய்யர் என்று முத்திரை குத்துவதைவிட, இந்தச் செய்தியை நம்பமாட்டேன் என்று சொல்வதற்குத்தான் நெருக்கமாக இருக்கிறது. நண்பர்களுக்குள் விளையாட்டாகவே போட்டுக்கொள்வார்கள். "நேற்று மூன்று மணிக்கே எழுந்துவிட்டேன்" என்று சொன்னால்கூட 🧢 வரும். முக்கியமான விஷயம், இதற்குப் பதில் சொல்ல இடமிருக்கிறது. செய்தி உண்மையென்றால் ஆதாரம் காட்டலாம். உங்கள் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வீரர் சொன்னதாகச் சித்தி மகன் சொன்னதாக நீங்கள் சொல்கிறீர்கள். கேட்பவருக்கு இது இரண்டு கை மாறி வந்த பேச்சு. வீரர்கள் இடம் மாறும் காலத்தில் இப்படி 'எனக்குத் தெரிந்தவர் உள்ளே இருக்கிறார்' என்ற செய்திகள் ரசிகர் குழுக்களில் தினமும் பத்து வரும், அவற்றில் பெரும்பாலானவை பொய்த்தும் போகும். எனவே அந்த 🧢 உங்கள் மீதுள்ள பகையால் வந்திருக்க வாய்ப்பு குறைவு. அந்த வகைச் செய்திக்கே அங்கே வழக்கமாகக் கிடைக்கும் பதில் அது.

அடுத்தது கோமாளி. இது வேறு ரகம்.

🤡 யூனிகோட் 9-ஆம் பதிப்பில், 2016-ல் வந்தது. ஐபோன்களில் அந்த வருட டிசம்பரில் சேர்ந்தது. அதே வருடம் இலையுதிர்காலத்தில் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் கோமாளி வேடமிட்டவர்கள் இரவில் திரிந்து பயமுறுத்துவதாக ஒரு பீதி கிளம்பியிருந்தது. தென் கரோலினாவின் கிரீன்வில்லில் தொடங்கி நாடு முழுவதும் பரவிய பீதி அது. அதனால் ஆரம்பத்தில் பலர் இந்தப் படத்தைப் பயமுறுத்தவும் பயன்படுத்தினார்கள். இன்று சண்டையில் வந்தால் அதற்கு ஒரே பொருள்: நீ ஒரு கோமாளி.

நம்மில் பலர் இதைச் சிரிப்புப் படம் என்று நினைத்து, நல்ல ஜோக்குக்குப் போட்டுவிடுகிறார்கள். அது பெரிய தவறாகிவிடும். 😂 போட்டால் 'நீங்கள் சொன்னது சிரிப்பாக இருக்கிறது' என்று பொருள். 🤡 போட்டால் 'நீங்களே சிரிப்பாக இருக்கிறீர்கள்' என்று பொருள். தமிழில் "ஜோக் நல்லா இருக்கு" என்பதற்கும் "நீ ஒரு ஜோக்கர்" என்பதற்கும் உள்ள தூரம்தான் இது.

இந்தப் படம் ஏன் இவ்வளவு உறைக்கிறது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சர்க்கஸ் கோமாளிக்கு யாரும் பிடித்து வைத்துச் சாயம் பூசுவதில்லை, அவனே கண்ணாடி முன் உட்கார்ந்து பூசிக்கொள்கிறான். இணையத்தில் நெடுநாளாகச் சுற்றும் நான்கு கட்டப் படம் ஒன்று உண்டு. ஒருவர் முதல் கட்டத்தில் முகத்துக்கு வெள்ளை பூசுவார், அடுத்தடுத்த கட்டங்களில் சாயம் கூடிக்கொண்டே போகும், கடைசியில் விக்கும் மூக்குமாக முழுக் கோமாளியாகி நிற்பார். ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ஒரு சமாதானம் எழுதப்பட்டிருக்கும். "இந்த முறை பயிற்சியாளர் திருந்திவிட்டார்", "முதல் பாதிதானே தோற்றோம்" என்ற மாதிரி. 🤡 தனியாக வரும்போதும் இந்த நினைப்பு பின்னால் இருக்கிறது: உன்னை யாரும் ஏமாற்றவில்லை, நீயே படிப்படியாகச் சாயம் பூசிக்கொண்டாய். வெறும் 'முட்டாள்' என்ற சொல்லில் இந்தக் குத்தல் கிடையாது.

நம் கூத்து மரபை நினைத்தால் இங்கே ஒரு வேறுபாடு தெரியும். தெருக்கூத்தில் கட்டியக்காரன் ராஜாவையே கேலி செய்வான், பார்வையாளர் பக்கம் நின்று பேசுவான். சிரிக்கவைப்பவன் அவன், சிரிப்புக்கு ஆளாகிறவன் மேடையில் நிற்கும் பெரிய மனிதன். 🤡-இல் அந்தப் பெருமை எதுவும் இல்லை. இங்கே கோமாளி என்றால் கேலிக்கு ஆளானவன் மட்டும்தான். நம் மனதிலிருக்கும் கட்டியக்காரனை வைத்து இதை மென்மையாக எடுத்துக்கொண்டால் கணக்குத் தப்பிவிடும்.

கோமாளி வரும் இடங்களில் உங்களுக்கு நடந்ததுதான் மிகப் பரவலானது. பழைய பேச்சை எடுத்து மேலே வைத்து, கீழே ஒரே ஒரு 🤡. எடுத்து வைத்தவர் வாதம் எதுவும் செய்ய வேண்டியதில்லை, அதைப் போட்டி முடிவே செய்துவிட்டது. இது பொதுவாக விளையாட்டுக் குழுக்களில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். கணிப்புச் சொன்னவர் தோற்றால் கேலி வாங்க வேண்டும், ஜெயித்தால் கேலி செய்யலாம். இந்த ஒப்பந்தம் யாரும் எழுதிவைக்காமலே எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கு விழுந்த கோமாளி இந்த வகை. கணிப்பைக் கேலி செய்தார்கள், கணித்தவர் நீங்கள் என்பதால் உங்கள் மேல் விழுந்தது.

இன்னொரு இடம், நடுவாதத்தில் வருவது. ஒருவர் ஒரு கருத்தைக் காரணத்தோடு எழுதுகிறார், பதிலாக வெறும் 🤡 விழுகிறது. இங்கே போட்டி முடிவு எதுவும் இல்லை, எனவே கோமாளிக்குப் பின்னால் வாதமும் இல்லை. 'உன்னோடு பேசுவதே வீண்' என்பது மட்டும்தான் செய்தி. இதை நான் திட்டு என்றே கணக்கில் வைப்பேன். சொல்லால் திட்டியிருந்தால் நிர்வாகி எடுத்துவிடலாம், 'இந்தச் சொல் கூடாது' என்று விதி காட்டலாம். படம் போட்டவரைக் கேட்டால் "சும்மா ஒரு எமோஜிதானே" என்பார். இந்தத் தப்பிக்கும் வழி இருப்பதால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். செய்தியின் கீழே ஒட்டும் எதிர்வினைக் குறிகளில் இது இன்னும் மோசம். டெலிகிராமின் எதிர்வினைப் பட்டியலிலேயே 🤡 இருக்கிறது. வாட்ஸ்அப்பில் 2022 முதல் எந்த எமோஜியையும் எதிர்வினையாக ஒட்டலாம். ஒருவர் ஒட்டினால் கேலி. அதன் மேல் ஒரு தட்டுத் தட்டி முப்பது பேர் சேர்ந்துகொண்டால், எதையும் எழுதாமலே ஒரு ஆளைக் கூட்டமாக ஓரங்கட்டிவிடலாம். அந்த முப்பது பேரில் ஒவ்வொருவரும் தான் செய்தது சின்ன விஷயம் என்றுதான் நினைப்பார். வாங்கியவர் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார். என் குழுவில் ஒரு செய்திக்கு ஐந்து கோமாளிக்கு மேல் விழுந்தால் நான் உள்ளே போய்ப் பேச்சை நிறுத்திவிடுவேன்.

மூன்றாவது இடம், தனக்குத்தானே போட்டுக்கொள்வது. "அவர் இந்த முறையாவது போன் பண்ணுவார் என்று நம்பினேன் 🤡" என்றால் தன் ஏமாளித்தனத்தைத் தானே ஒப்புக்கொள்கிறார். இது வளர்ந்து ரசிகர்களிடையே ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் ரசிகர்கள் அடுத்த ஆல்பம் எப்போது வரும் என்று உடையின் நிறத்தையும் விரல் எண்ணிக்கையையும் வைத்துத் துப்புத் துலக்குவார்கள். பெரும்பாலும் தவறும் என்று தெரிந்தே செய்வார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'க்ளவுனிங்'. அங்கே கோமாளி அன்பான சொல், "வா, நாமெல்லாம் சேர்ந்து கோமாளியாவோம்" என்ற கூட்டு மகிழ்ச்சி. உங்களுக்கு இந்தப் பயன்பாடுதான் கைகொடுக்கப் போகிறது, கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. 🤡 பக்கத்தில் உலகப் படமான 🌍 சேர்ந்து 🤡🌍 என்று வந்தால் உடனே அதைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். 'உலகமே கோமாளிக் கூத்தாகிவிட்டது' என்று பலர் சாதாரணமாகச் சொல்வதுண்டு. ஆனால் 2019 வாக்கில் அமெரிக்கத் தீவிர வலதுசாரி இளைஞர்கள் இதைத் தங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். இனவெறிப் பேச்சைக் கோமாளி வேடத்துக்குள் மறைத்துப் பரப்ப அது பயன்பட்டது. போட்டவர் எந்த வகை என்று அவருடைய மற்ற எழுத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பொருள் தெரியாமல் நாம் அதை எடுத்தால் நம்மையும் அந்தப் பக்கம் சேர்த்துவிடுவார்கள்.

இனி 💅. என் கணிப்பில் மூன்றிலும் நுட்பமானது இதுதான். 'நாலு கோல்தானே' என்ற அந்த அம்மாவின் வரியை நான் ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் படம் பழையது. ஜப்பானியக் கைபேசிகளிலிருந்து வந்து, யூனிகோடில் 2010-ல் 6-ஆம் பதிப்போடு சேர்ந்தது. அழகுநிலையம், அலங்காரம் என்பதுதான் அதன் முதல் வேலை. சண்டைக்குள் அது வந்த வழியைப் புரிந்துகொள்ள, ஒரு காட்சியை மனதில் கொண்டுவாருங்கள். ஒருவர் எதிரில் நிற்பவருக்கு நறுக்கென்று ஒரு பதில் சொல்கிறார். சொன்னதும் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் தன் நகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். எதிராளி என்ன பதில் சொன்னாலும் தனக்குக் கவலையில்லை, இனி தன் நகம்தான் முக்கியம் என்று காட்டுகிறார். எமோஜிகளைச் சொற்களாகப் பார்ப்பதைவிடக் கைச்சைகைகளாகப் பார்க்க வேண்டும் என்று கிரெட்சன் மெக்குலொக், லாரன் கான் என்ற இரண்டு மொழியியலாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். நகப்பூச்சுக்கு அது முழுக்கப் பொருந்துகிறது. தொப்பி ஒரு சொல், இது ஒரு அபிநயம்.

இந்தத் தோரணை நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்த பால்ரூம் பண்பாட்டோடு நெருங்கிய உறவுடையது. கறுப்பின, லத்தீன் ஒருபாலீர்ப்பினரும் திருநரும் நடத்திய அலங்காரப் போட்டிகள் அவை. குறையை நேராக, கூர்மையாகச் சொல்வதற்கு அங்கே 'ரீடிங்' என்று பெயர். சொல்லாமலே சொல்வதற்கு 'ஷேட்' என்று பெயர். இந்த இரண்டும் ஒரு கலையாகவே அங்கே வளர்ந்தன. கறுப்பினப் பெண்களின் பேச்சிலும் இதே தோரணை உண்டு. 💅 போடுகிற பதின்ம வயதினருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படத்தின் மிடுக்கு அங்கிருந்து வந்தது என்பதை மறக்காமல் இருப்பது நியாயம்.

இலக்கணம் எளிது. 💅 தனியாக நிற்காது, ஒரு வரியின் முடிவில் வரும். குத்தல் அந்த வரியில் இருக்கிறது, நகப்பூச்சு 'சொல்லிவிட்டேன், இனி உங்கள் பாடு' என்று முற்றுப்புள்ளி வைக்கிறது. அதனால் அதன் கடுமை வரியின் கடுமைதான். "பரவாயில்லை, நாலு கோல்தானே" என்ற வரியில் 💅 இல்லையென்றால் ஆறுதல் என்றுகூட எடுத்துக்கொள்ளலாம். சேர்ந்ததும் அந்த ஆறுதல் வேண்டுமென்றே போட்ட வேடம் என்று தெரிந்துவிடுகிறது. "நாலு வாங்கியிருக்கிறீர்கள், நான் அலட்டிக்கொள்ளவே இல்லை பாருங்கள்" என்பதுதான் அவர் சொன்னது. நம் வீட்டுக் கல்யாணங்களில் சம்பந்தி அம்மா "சாப்பாடு பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டுப் புடவை முந்தானையைச் சரிசெய்துகொள்வார் இல்லையா, அந்தத் தோரணை.

சண்டை இல்லாத இடத்தில் 💅 வெறும் பெருமிதம். "வேலை கிடைத்துவிட்டது 💅" என்றால் தன் வெற்றியை மிடுக்காகச் சொல்கிறார், வாழ்த்துச் சொல்லிவிடுங்கள். யாரையாவது எதிர்த்து எழுதிய வரியா, தன்னைப் பற்றி எழுதிய வரியா என்று பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

இதற்கு விதிவிலக்கான ஒரு பயன்பாட்டை நான் என் குழுவில் அனுமதிப்பதில்லை. ஓர் ஆண் ஏதோ எழுதியிருப்பார், அதன் கீழே வேறு ஆண்கள் வரி எதுவும் இல்லாமல் 💅 மட்டும் போடுவார்கள். தோல்வியில் அழுத ஒரு வீரரின் படத்துக்குக் கீழும் போடுவார்கள். அங்கே பொருள் மிடுக்கு கிடையாது. 'நீ பெண்பிள்ளை மாதிரி', 'நீ ஒருபாலீர்ப்பினன்' என்ற வசையைப் படமாக்கியிருக்கிறார்கள். யாரிடமிருந்து அந்தத் தோரணை வந்ததோ அவர்களையே இழிவுபடுத்த அதைப் பயன்படுத்துவது எனக்குப் பொறுக்காது. தன் வரியின் முடிவில் வந்தால் அது தன் தோரணை, பிறர் வரியின் கீழே தனியாக ஒட்டினால் பெரும்பாலும் இந்த வசை. இடத்தைப் பார்த்தாலே தெரியும்.

இப்போது உங்கள் விஷயத்தை வரிசையாக எடுத்துக்கொள்வோம்.

🧢 வந்தபோது உங்களுக்கு இரண்டு வழி இருந்தது. செய்தி உறுதியானது என்றால் "அவர் கையெழுத்துப் போடும் நாளில் பேசுவோம்" என்று ஒரு வரி போதும். உறுதியில்லை என்றால் "நானும் கேள்விப்பட்டதுதான்" என்று ஒப்புக்கொண்டிருக்கலாம், அதோடு தொப்பிக்கு வேலையில்லாமல் போகும். 'தொப்பி எதற்கு' என்று கேட்டதற்கு அவர்கள் சிரித்தது சரியல்ல, யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பை வைத்து அவர்களை எதிரிகளாக எண்ண வேண்டாம். சித்தி மகனை இழுத்துச் சத்தியம் செய்யாதீர்கள். நீளமாக விளக்க விளக்க இன்னும் பத்துத் தொப்பி விழும், ஏனென்றால் பொய் சொல்பவர்தான் அதிகம் விளக்குவார் என்பது அங்கே பொது நம்பிக்கை.

🤡-க்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். நீங்களே உங்களுக்கு ஒரு 🤡 போட்டுக்கொள்ளுங்கள். "ஆமாம், நான்தான் 🤡, அடுத்த வாரமும் இதையேதான் சொல்லப்போகிறேன்" என்று எழுதுங்கள். தனக்குத்தானே போட்டுக்கொண்டவர் மேல் மறுபடி போடுவதில் சுவை இல்லை, கூட்டம் கலைந்துவிடும். இது நீங்கள் உண்மையிலேயே தவறிய கணிப்புக்கு மட்டும். காரணத்தோடு எழுதிய கருத்துக்கு வெறும் 🤡 விழுந்தால் இப்படிப் பணிய வேண்டாம். "எந்த வரி தவறு?" என்று ஒருமுறை கேளுங்கள். அதற்கும் 🤡 வந்தால் அங்கே பேச ஆளில்லை என்று பொருள், நகர்ந்துவிடுங்கள். தினமும் அதே நான்கு பேர் உங்கள் ஒவ்வொரு வரிக்கும் ஒட்டுகிறார்கள் என்றால் படமெடுத்து நிர்வாகிக்கு அனுப்புங்கள். ஒற்றைக் கோமாளியைக் காட்டினால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள், ஒரு வாரத்துத் தொகுப்பைக் காட்டினால் புரியும்.

💅-க்குக் கோபப்பட்டால் தோற்றீர்கள். அலட்டிக்கொள்ளாதவர் முன்னால் அலட்டிக்கொண்டவர் நீங்கள் என்றாகிவிடும். படத்தை விட்டுவிட்டு வரிக்குப் பதில் சொல்லுங்கள். "நாலு சரிதான், அடுத்த போட்டி எங்கள் மைதானத்தில்" என்ற மாதிரி. அந்த ரசிகை உங்கள் வரிக்கு ஏற்ற வரியை யோசித்து எழுதியிருக்கிறார். ரசிகர் குழுவில் அது ஆட்டத்துக்கு வரச் சொல்லும் அழைப்பு. நீங்களும் அதே மிடுக்கோடு முடிக்க விரும்பினால் 💅 போடுங்கள், ஆண் போடக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. தோல் நிறத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2015 முதல் அந்தப் படத்துக்கு ஐந்து நிறங்கள் உண்டு. கேலிக்காக வேறொருவர் நிறத்தை எடுத்துப் போடுவதை அங்கே பலரும் தவறாக எடுத்துக்கொள்வார்கள். உங்கள் நிறம், இல்லையென்றால் மஞ்சள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். இதைப் படித்த வேகத்தில் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அனுப்பும் வைத்தியக் குறிப்புக்கு 🧢 போட்டுவிடாதீர்கள். அவருக்குத் தொப்பி தொப்பியாகத்தான் தெரியும், விளக்கம் கேட்பார், நீங்கள் 'பொய்' என்று நேராகச் சொல்லும்படி ஆகிவிடும். அங்கே "பெரியப்பா, இதை டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்" என்பதுதான் சரி.